ஒரு தலைக்கோல் பிரிவுக்குள் அடங்கிவிடும் வித்தியாசம்

கேள்வி: “ஏற்காட்டில் +2 படிக்கிறேன். மீட்டர் சமனச்சுற்று சோதனையில் கான்ஸ்டன்டன் கம்பிக்கு மின்தடை எண் 4.86793 × 10⁻⁷ வந்தது. சார் அதை அடித்துவிட்டு 4.9 × 10⁻⁷ என்று எழுதிவிட்டார். சேலத்தில் படிக்கும் மாமா பையனுக்கு அதே சுருளில் வெட்டிய கம்பிக்கு 4.66 வந்திருக்கிறது. இங்கே குளிர் என்பதாலா? ரெக்கார்டு நோட்டைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன்.”

குளிர் இல்லை. உங்கள் சார் திருத்தியதும் சரிதான். இரண்டுக்கும் காரணம் அந்தப் போட்டோவிலேயே இருக்கிறது: திருகு அளவி அட்டவணையின் கடைசிப் பத்தி.

போட்டோவில் தெரியும் தலைக்கோல் ஒன்றிப்புகள் 48, 47, 50, 48, 47. மீச்சிற்றளவு 0.01 மி.மீ., சுழித்திருத்தம் −0.02 மி.மீ. திருத்திய அளவுகள் 0.46, 0.45, 0.48, 0.46, 0.45. சராசரி விட்டம் 0.46 மி.மீ. இந்த எண்ணில் முக்கிய எண்ணுருக்கள் இரண்டே இரண்டுதான். முன்னால் நிற்கும் சுழி புள்ளியின் இடத்தைக் காட்டுவதற்காக இருக்கிறது, அது அளந்து கிடைத்ததல்ல. அடுத்த வரியில் ஆரத்தை 0.00023 மீ என்று எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பவர்களுக்கு அது ஐந்து இலக்கம் துல்லியமாக அளந்த எண் போலத் தோன்றும். அதையே 2.3 × 10⁻⁴ மீ என்று எழுதினால், அளந்தது 2-ம் 3-ம் மட்டுமே என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். பத்தின் அடுக்கு எவ்வளவு பெரிய எண் என்பதைச் சொல்கிறது, முன்னால் நிற்கும் எண் எவ்வளவு துல்லியமாக அளந்தோம் என்பதைச் சொல்கிறது. அறிவியல் குறியீட்டில் எழுதச் சொல்வது இந்த இரண்டும் கலந்துவிடாமல் இருக்கத்தான்.

இப்போது மாமா பையன் கணக்குக்கு வருவோம். உங்கள் கம்பியின் மின்தடை X = 2.929 ஓம், நீளம் L = 1 மீட்டர். மின்தடை எண் ρ = Xπr²/L, இதில் r கம்பியின் ஆரம். விட்டம் 0.46 என்றால் 4.87 × 10⁻⁷ ஓம் மீட்டர். மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு விட்டத்தை மட்டும் 0.45 ஆக்கிப் போட்டுப் பாருங்கள்: 4.66 வரும். 0.47 ஆக்கினால் 5.08. தலைக்கோலில் ஒரே ஒரு பிரிவு முன்பின் ஆனாலே விடை 4.66-லிருந்து 5.08 வரை ஆடுகிறது. 0.46-ல் 0.01 என்பது 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆரம் வர்க்கமாக வருவதால் அது இரட்டித்து 4 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இரண்டாவது இலக்கமே ஆடும்போது, அதற்குப் பின்னால் உள்ள 6, 7, 9, 3 எதையும் உங்கள் கம்பி சொல்லவில்லை, கால்குலேட்டர் சொல்கிறது.

“ஐந்து தடவை அளந்து சராசரி எடுத்தால் பிழை குறையுமே” என்று யாராவது கேட்பார்கள். குறையும், மறுக்கவில்லை. ஆனால் சுழிப்பிழையைப் படிப்பதில் ஒரு பிரிவு தவறினால் அந்தத் தவறு ஐந்து வரிசையிலும் ஒரே பக்கமாக ஏறும், சராசரி அதைத் தொடாது. சுழித்திருத்தத்தைச் சேர்க்கவே மறந்தால் விட்டம் 0.48, விடை 5.30. குறியை மாற்றிப் போட்டால் விட்டம் 0.50, விடை 5.75. விடை ஐந்தைத் தாண்டி நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

குளிர் விஷயத்தையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். கான்ஸ்டன்டனின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு மாறுவது சுமார் 0.00003 பங்குதான். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றே வைத்துக்கொண்டாலும் 0.05 சதவீதம்கூட வராது. 4.868 என்பதில் மூன்றாம் தசம இடத்தில் இரண்டு மாறும், அவ்வளவே. தாமிரக் கம்பியாக இருந்தால் கதை வேறு: டிகிரிக்கு 0.0039 பங்கு, 15 டிகிரிக்குச் சுமார் 6 சதவீதம். அப்போது நீங்கள் கேட்டது நியாயமான சந்தேகமாக இருந்திருக்கும்.

உங்கள் அட்டவணையில் சார் கண்ணில் படாத இரண்டு இடங்கள் உண்டு. மூன்றாவது வரிசையில் ஒன்றிப்பு 50, மொத்த அளவை 0.5 என்று எழுதியிருக்கிறீர்கள். 0.50 என்று எழுத வேண்டும். 0.5 என்றால் பத்தில் ஒரு பங்கு வரைதான் பார்த்தேன் என்று பொருள், அதிலிருந்து 0.02 கழித்து 0.48 என்று எழுத முடியாது. அந்தச் சுழி நீங்கள் கண்ணால் பார்த்துப் படித்த இலக்கம், அதை விட்டுவிடக் கூடாது. அதேபோல L = 1 மீ. மில்லிமீட்டர் கோல் வைத்து அளந்திருந்தால் அது 1.000 மீ. விதியைக் கறாராகப் பிடிப்பவர் ஒருவர் கையில் இந்த நோட்டு சிக்கினால், L-ல் ஒரே இலக்கம்தான் இருக்கிறது என்று விடையை 5 × 10⁻⁷ ஆக்கிவிடுவார். விட்டத்தை ஆரமாக்க வகுக்கும் 2-க்கு இந்தக் கவலை கிடையாது. அது அளந்த எண் அல்ல, எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் உள்ள சரியான எண்.

X-ஐ 2.93 என்று மூன்று இலக்கத்தில் சொல்லலாம். சமன் நீளம் 49.4 செ.மீ.யில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் X-ல் 0.4 சதவீதம்தான் மாறும். ஆக, மொத்தச் சோதனையிலும் பலவீனமான கண்ணி விட்டம் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு இலக்கம் போதும் என்று சொன்னதை வைத்து நடுவிலேயே வெட்டத் தொடங்கிவிடாதீர்கள். πr² = 1.6619 × 10⁻⁷ என்பதை 1.7 ஆக்கி 2.93-ஆல் பெருக்கினால் 4.98, அதாவது 5.0 வந்துவிடும். வழியில் நான்கு இலக்கம் வைத்துக்கொண்டு கடைசி வரியில் மட்டும் முழுமைப்படுத்துங்கள். மடக்கை அட்டவணை நான்கு இலக்கம் தருவது இதற்குத்தான் உதவுகிறது. ஆனால் வழிகாட்டி நூல்கள் பலவற்றில் அந்த நான்கையும் அப்படியே இறக்கி 4.868 என்று விடை அச்சிடுகிறார்கள், பிள்ளைகளும் அதையே பார்த்து எழுதுகிறார்கள். அட்டவணையின் இலக்கத்தைக் கம்பியின் தலையில் கட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம்.

உங்களுக்கு மூன்றாவது இலக்கம் வேண்டும் என்றால் கால்குலேட்டரை மாற்றிப் பயனில்லை, கருவியை மாற்ற வேண்டும். இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் நகரும் நுண்ணோக்கியும் 0.001 செ.மீ. வரைதான் காட்டும், அதுவும் அதே 0.01 மி.மீ.தான். லேத் பட்டறைகளில் 0.001 மி.மீ. காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வைத்திருப்பார்கள். அதில் கம்பியை ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை அளந்து 0.458 என்று வந்தால், ஆரம் 2.29 × 10⁻⁴ மீ, விடை 4.83 × 10⁻⁷ ஓம் மீட்டர். அப்போது அந்த 3-ஐ அடிக்க உங்கள் சாரிடம் காரணம் இருக்காது.