நெட்வொர்க் இல்லாத நேரத்தில் கார்டு மெஷின்: வாசகர் கேள்விகள்

சிக்னல் இல்லாதபோதும் என் ரூபே என்.சி.எம்.சி. கார்டைத் தட்டியதும் மெஷின் ரசீது கொடுத்தது. வங்கியைக் கேட்காமல் எப்படிச் சம்மதித்தது?

சம்மதித்தது உங்கள் கார்டின் சிப். இந்தக் கார்டில் ஒரு சிறு தொகை சிப்பிலேயே பதிவாகி இருக்கிறது. சிப்பில் 460 ரூபாய் இருக்கிறது, பில் 140 என்று வைத்துக்கொள்வோம். கார்டு போலியில்லை என்பதை மெஷின் தன்னிடமுள்ள பொதுச் சாவியால் சரிபார்க்கிறது. சிப் இருப்பை 320 ஆகக் குறைத்து, தன் வரிசை எண்ணை ஒன்று கூட்டி, தொகையையும் அந்த எண்ணையும் சேர்த்து ஒரு ரகசிய முத்திரை போட்டுத் தருகிறது. மெஷின் அதைச் சேமித்துவைத்து, நெட்வொர்க் வந்ததும் அனுப்புகிறது. அந்த முத்திரையைச் சரிபார்க்கும் ரகசியச் சாவி கார்டு கொடுத்த வங்கியிடம் இருக்கிறது. ஒரே பதிவு இருமுறை வந்தால் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்னல் இல்லாத அடுத்த கடையில் 350 ரூபாய்க்குத் தட்டினால் சிப் மறுத்துவிடும். வங்கிக் கணக்கில் லட்சம் இருந்தாலும் அப்படித்தான்.

இப்படி ஒரு முறைக்கு 200 ரூபாய் வரை என்று ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் விதித்தது. 2023 ஆகஸ்டில் அது 500 ஆனது.

செயலியில் பணம் ஏற்றினேன். கார்டு ‘இருப்பு இல்லை’ என்கிறது.

ஏற்றிய தொகை இன்னும் சிப்புக்கு வந்து சேரவில்லை. நெட்வொர்க் உள்ள மெஷினில் ஒருமுறை கார்டை வைத்து இருப்பைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

சாதாரண டெபிட் கார்டுக்கும் என் மெஷின் ‘பிறகு அனுப்பப்படும்’ என்று ரசீது தருகிறதே? (கடைக்காரர்)

இதில்தான் கவனம் வேண்டும். அந்தக் கார்டின் சிப்புக்குக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. அது கொடுத்தது ‘வங்கியைக் கேள்’ என்ற கோரிக்கை மட்டும். உங்கள் மெஷின் அந்தக் கோரிக்கையைத்தான் வைத்திருக்கிறது. இரவு வங்கி மறுத்தால், பொருள் போயிருக்கும், பணம் வராது. விமானத்தில் சிற்றுண்டி விற்பவர்கள் இந்த நட்டத்தை அறிந்தே ஏற்கிறார்கள். நீங்கள் ஏற்க விரும்பாவிட்டால், இந்த வசதியை நிறுத்தும்படி வங்கியிடம் எழுதிக் கேளுங்கள்.

அனுப்புமுன் மெஷின் பழுதானால்?

என்.சி.எம்.சி. கார்டு என்றால், வாடிக்கையாளரின் சிப்பில் தொகை குறைந்துவிட்டது. உங்களுக்கு வரவேண்டிய பணத்துக்கான முத்திரை மட்டும் மெஷினுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே மெஷினை ரீசெட் செய்யாதீர்கள், நிலுவைப் பதிவுகளை எடுக்காமல் பழுதுபார்ப்பவரிடம் மாற்றிக்கொள்ளவும் விடாதீர்கள். ஆஃப்லைன் ரசீதுகள் 14 இருந்தால் கடை அடைக்குமுன் நிலுவைப் பட்டியலிலும் 14 இருக்கவேண்டும். நெட்வொர்க் வந்து அனுப்பிய பின் பூஜ்யம் ஆகவேண்டும். கடைக்காரர் பக்கத்துத் தொழில்நுட்பக் கோளாறுக்கு, மெஷின் கொடுத்த வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதி சொல்கிறது. ரசீதுகளைப் பத்திரப்படுத்தி அந்த விதியைச் சுட்டிப் புகார் கொடுங்கள்.

கார்டு தொலைந்தால்?

கணக்கை முடக்கலாம். சிப்பில் உள்ள தொகையைக் கைப்பணம் தொலைந்ததுபோலக் கருதுங்கள். நெட்வொர்க் இல்லாத மெஷினுக்கு நீங்கள் முடக்கிய செய்தி எட்டியிருக்காது. அதனால் ஒரு வாரச் செலவுக்கு மேல் சிப்பில் ஏற்றிவைக்காதீர்கள்.