மூன்று மாத வருமானத்தை நம்பி வேலையை விடலாமா?

"கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை யூடியூபில் மாதம் 40,000 வந்தது. வேலையை விட்டுவிடலாமா?"

இப்போதே விடாதீர்கள். அந்த மூன்று மாதங்கள்தான் ஆண்டிலேயே விளம்பர விலை ஏறி நிற்கும் காலம். ஜனவரி பிறந்ததும் பார்வைகள் அப்படியே இருக்க, ஆயிரம் பார்வைக்கான தொகை மட்டும் இறங்கிவிடும். ஆட்சென்ஸ் ஒரு மாத வருமானத்தை அடுத்த மாதம் 21 முதல் 26க்குள்தான் அனுப்பும் என்பதால், சரிவு பிப்ரவரி கடைசியில்தான் கையில் தெரியும். வேலந்தாவளத்தில் நானும் உங்களைப் போலவே டிசம்பர் கணக்கைப் பார்த்து வேலையை விட்டேன். பிப்ரவரியில் வந்தது 13,000.

யூடியூப் ஸ்டூடியோவில் கடந்த 12 மாத வருமானத்தை எடுத்து, குறைந்ததிலிருந்து வரிசையாக எழுதுங்கள். திடீரென்று ஓடிய ஒரு வீடியோவின் பணத்தைக் கழித்துவிடுங்கள். ஓணம், தீபாவளிக்குத் துணிக்கடைகள் தரும் விளம்பரப் பணத்தையும் சேர்க்காதீர்கள். மிஞ்சுவதில் மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரிதான் உங்கள் உண்மையான வருமானம்.

அது 14,000, வீட்டுச் செலவு 26,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 துண்டு விழும், ஓராண்டுக்கு 1,44,000. அப்புறம், வேலையை விட்டால் கம்பெனி மருத்துவக் காப்பீடும் போய்விடும். அதற்கும் கம்ப்யூட்டர் பழுதுக்கும் 60,000 சேர்த்தால் 2,04,000. பி.எஃப். பணத்தைத் தொடாமல் இந்தத் தொகை தனிக் கணக்கில் சேரட்டும். ஏப்ரல், மே பணம் வந்த பிறகு அதே வரிசையை மறுபடி எழுதிப் பாருங்கள்.