வட்டத் தகட்டின் நிழலில் ஒளிப்புள்ளி: கேள்வி பதில்

லேசர் ஒளியில் 4 மி.மீ. எஃகுக் குண்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தெரிந்தது. நாணயத்தில் தெரியவில்லை. அளவு பெரிது என்பதால்தானே?

பாதி சரி. விளிம்பின் எல்லா இடத்திலிருந்தும் நடு அச்சுக்கு ஒரே தூரம் என்பதால் அலைகள் அங்கே ஒத்துச் சேர்கின்றன. வட்டம் பெரிதானாலும் இது மாறாது. ஆனால் விளிம்பின் மேடுபள்ளம் ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும்: அலைநீளத்தைத் திரையின் தூரத்தால் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் வருவது. சிவப்பு லேசர் 650 நானோமீட்டர், திரை 1 மீட்டர் என்றால் குண்டுக்கு 0.16 மி.மீ. வரை பொறுக்கும். 24 மி.மீ. நாணயத்துக்கு 0.03 மி.மீ.கூட இல்லை. விளிம்பில் வரிப்பல் வெட்டிய நாணயம் தேறாது. புள்ளியும் சுருங்கிவிடும்; குண்டுக்கே அதன் குறுக்களவு கால் மி.மீ.தான்.

கிரகணத்தின்போது நிலா நிழலின் நடுவிலும் வெளிச்சம் வர வேண்டுமே?

நல்ல குறும்பு. சூரியன் புள்ளி மூலம் அல்ல, அரை டிகிரி அகலம்; அதன் ஒவ்வொரு பகுதியும் தன் புள்ளியை வேறிடத்தில் போட்டு எல்லாம் கலைந்துவிடும். போதாததற்கு, நிலாவின் விளிம்பு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிசிறோடு இருக்க வேண்டும். மலைகளை என்ன செய்ய?

பாபினே விதிப்படி தகடும், அதே அளவு துளையும் ஒரே உருவத்தைத் தர வேண்டும். தகட்டில் நடு வெளிச்சம், துளையில் நடு இருட்டு பார்த்தேன். விதி பொய்யா?

விதி கூட்டுவது வீச்சுகளை, செறிவுகளை அல்ல. தகட்டின் வீச்சோடு துளையின் வீச்சைச் சேர்த்தால் தடையே இல்லாத வீச்சு வரும். அதை 1 என்போம். விரித்து இணையாக்கிய லேசர், 4 மி.மீ. துளை, திரை 1.03 மீட்டரில்: துளையின் நடுவில் 0, தகட்டின் நடுவில் 1. கூட்டினால் 1. திரையை 1.23 மீட்டருக்குத் தள்ளுங்கள்: துளை 2, தகடு −1. கூட்டு இப்போதும் 1. கண்ணுக்குத் தெரிவது வீச்சின் வர்க்கம். ஆகவே துளையின் நடு இருட்டிலிருந்து, தடையே இல்லாதபோது இருப்பதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சத்துக்குத் தாவும், தகட்டின் புள்ளியோ அப்படியே நிற்கும். நான் இந்தத் திரை நகர்த்தலையே செய்யச் சொல்வேன்.

இரண்டும் ஒரே உருவம் தருவது தொலைவில், நேர்க்கற்றை விழாத இடத்தில் மட்டும். அங்கே கூட்டு 0 என்பதால் வீச்சுகள் சமமும் எதிரும் ஆகின்றன. மயிரிழையும் அதே அகலப் பிளவும் பக்கவாட்டில் ஒரே பட்டைகளைக் காட்டுவது அதனால்தான்.

நிழலின் நடுப் புள்ளியை ஃப்ரெனெல் முன்கூட்டியே சொல்லித்தான் பரிசு வாங்கினாரா?

இல்லை. பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் 1818 போட்டிக்கு அவர் அனுப்பிய அலைக் கொள்கையிலிருந்து இதைக் கணக்கிட்டவர் நடுவர் குழுவில் இருந்த புவாசோன், அதுவும் கொள்கையை மடக்கத்தான். அதே குழுவில் இருந்த அரகோ 2 மி.மீ. உலோகத் தகட்டை வைத்துப் பார்த்தார், புள்ளி இருந்தது. மரால்டி 1723-லேயே பார்த்திருக்கிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

என் புள்ளி வட்டமாக இல்லை, நான்கு மூலை நட்சத்திரம்போல இருக்கிறது. லென்ஸ் கோளாறா?

தகடா குண்டா என்று எழுதவில்லையே. தகடு சாய்ந்தால் அதன் நிழல் நீள்வட்டமாகி இப்படி வரும். தகட்டைச் சற்றே திருப்பிப் பாருங்கள். உருவம் மாறாவிட்டால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். குண்டு என்றால் படம் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.