பெரியவர்களுக்குப் போன் வழிமுறை எழுதிக் கொடுப்பது: ஒரு ரிப்போர்ட் அனுப்பும் தாள்

கேள்வி: ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் எப்படி அனுப்புவது என்று எழுதிக் கொடுத்தாலும் புரியவில்லை என்கிறார்கள். வயதானவர்களுக்குப் புரியும்படி எப்படி எழுதுவது?

பதில்:

நான் காட்பாடியில் இருக்கிறேன். குடியாத்தத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு இதே வேலைக்குத்தான் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை, உப்பு பரிசோதனை முடிந்து லேபில் தரும் காகிதத்தைப் படம் எடுத்து, பெங்களூரில் இருக்கும் தன் மகனுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாளை வைத்தே சொல்கிறேன். பெரியம்மாவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன்.

அதற்கு முன்பு அண்ணன் அனுப்பி வைத்திருந்த குறிப்பு இது: "வாட்ஸ்அப் ஓப்பன் பண்ணி, என் சாட்டுக்குப் போய், ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்து அட்டாச் பண்ணி சென்ட் பண்ணும்மா." நமக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. பெரியம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது: "அட்டாச்சுன்னு எங்க கண்ணு கீது? நானும் தேடித் தேடிப் பாக்கறேன்." அவர் கேட்டதுதான் சரி. வாட்ஸ்அப் திரையில் 'அட்டாச்' என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஒரு பேப்பர் கிளிப் படம்தான் இருக்கும். 'சென்ட்' என்றும் இருக்காது, பச்சை வட்டத்துக்குள் ஓர் அம்பு இருக்கும். 'சாட்டுக்குப் போ' என்பது ஒரு பட்டனே இல்லை. நாம் செய்யும் காரியத்தின் பெயரை எழுதுகிறோம், அவர்கள் அந்தப் பெயரைத் திரையில் தேடுகிறார்கள். தாளில் இருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைக் காட்ட வேண்டும்: என்ன வடிவம், என்ன நிறம், எதன் பக்கத்தில்.

எழுத உட்காரும் முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அவர்கள் போனைக் கையில் வாங்கி, ஒரே ஒரு முறை செய்தால் போதும் என்கிற எல்லாவற்றையும் நீங்களே செய்து முடித்துவிடுங்கள். தாளில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

முதலில், எழுத்தின் அளவைப் பெரிதாக்க வேண்டுமானால் இப்போதே ஆக்குங்கள். தாள் எழுதியபிறகு மாற்றினால் பட்டன்கள் இடம் மாறும், சில எழுத்துகள் வெட்டுப்படும். அடுத்து, மகனின் சாட்டைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, More, பிறகு Add shortcut. மகன் முகம் உள்ள வட்டம் ஒன்று போனின் முதல் திரையில் வந்து உட்காரும். இனி வாட்ஸ்அப்பைத் தேடுவது, அதற்குள் பெயரைத் தேடுவது இரண்டும் இல்லை. மகன் தன் படமாகப் பூவையோ சாமியையோ வைத்திருந்தால், முகம் தெளிவாகத் தெரியும் படமாக முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

கேமராவை முதல் தடவை தொடும்போது போன் அனுமதி கேட்கும். அதில் While using the app என்பதை நீங்களே தொட்டுவிடுங்கள். Only this time என்பதைத் தொட்டால் பின்னால் அதே கேள்வி மறுபடி வரும், தாளில் இல்லாத ஒரு பெட்டியைப் பார்த்து அவர்கள் பயந்து போனை வைத்துவிடுவார்கள்.

ரிப்போர்ட்டுக்கு மட்டும் இன்னொன்று. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். லேபில் பொடி எழுத்தில் அச்சடித்த எண்கள் அதில் மங்கிப்போகலாம். Settings, Storage and data, Media upload quality என்று போய் HD quality என வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் படத்தின் மேலே இருக்கும் HD எழுத்தைத் தொடச் சொல்லி ஒரு வரி கூடும்.

இதெல்லாம் முடிந்தபிறகு பெரியம்மாவுக்கு நான் எழுதிய தாள்:

அண்ணனுக்கு ரிப்போர்ட் அனுப்ப

1. ரிப்போர்ட்டை வெளிச்சமான இடத்தில், தரையிலோ மேஜையிலோ விரித்து வையுங்கள்.
2. போனின் முதல் திரையில் அண்ணன் முகம் உள்ள வட்டத்தைத் தொடுங்கள். *இப்போது மேலே அண்ணன் பெயர் தெரியும்.*
3. கீழே ஒரு நீளப் பெட்டி, அதில் Message என்று இருக்கும். அந்தப் பெட்டிக்கு **உள்ளே**, வலது ஓரத்தில் கேமரா படம். அதைத் தொடுங்கள். *இப்போது எதிரே இருப்பது போனில் தெரியும்.*
4. காகிதத்தின் நாலு மூலையும் தெரியும்படி போனைப் பிடியுங்கள். கீழே நடுவில் பெரிய வெள்ளை வட்டம். தொட்டு, உடனே விரலை எடுத்துவிடுங்கள். *இப்போது படம் அசையாமல் நிற்கும்.*
5. எழுத்தைப் படிக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் இடது மேல் மூலையில் X. அதைத் தொட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.
6. வலது கீழ் மூலையில் பச்சை வட்டம், உள்ளே அம்பு. அதைத் தொடுங்கள்.
7. அனுப்பிய படத்தின் கீழ் மூலையில் டிக் வந்தால் போய்விட்டது. சின்ன கடிகாரம் இருந்தால் இன்னும் போகவில்லை.

ஒரு எண்ணுக்கு ஒரு தொடுதல்தான். சாய்ந்த எழுத்தில் இருப்பதை நீங்கள் எதை விட்டாலும் விடாதீர்கள். தொட்டபிறகு என்ன தெரியும் என்று எழுதாவிட்டால், சரியாகச் செய்தோமா என்று அவர்களுக்குத் தெரியாது. சந்தேகத்தில் இரண்டாவது முறை தொடுவார்கள். திரை மாறியபின் அதே இடத்தில் வேறொரு பட்டன் இருக்கும், குழப்பம் அங்கிருந்து தொடங்கும்.

3-இல் 'உள்ளே' என்பதைத் தடித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. பெட்டிக்கு வெளியே, வலது பக்கத்தில் மைக் படம் போட்ட பச்சை வட்டம் இருக்கிறது. கேமராவுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதைச் சட்டென்று தொட்டு எடுத்தால் Hold to record என்று தொடங்கும் ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஆனால் பெரியவர்கள் அழுத்தமாக, நின்று தொடுவார்கள். பழைய பட்டன் போனில் பழகிய விரல் அப்படித்தான் இருக்கும். அழுத்தி வைத்தால் பதிவு தொடங்கும், விரலை எடுத்தால் அந்தக் குரல் பதிவு அண்ணனுக்குப் போய்விடும். வெறும் இரைச்சலாகச் சில நொடிக் குரல் பதிவு உங்களுக்கு வந்தால் அம்மா கேமராவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளை வட்டத்திலும் இதே சிக்கல்தான். அதை அழுத்திப் பிடித்தால் படத்துக்குப் பதில் வீடியோ ஓடத் தொடங்கும். ஆகையால் 'அமுக்குங்க' என்று எழுதவேண்டாம். 'தொட்டு, உடனே விரலை எடுங்கள்' என்று எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, அவர்கள் விரலைப் பிடித்து ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள்.

இன்னொரு இடம் என்னை உண்மையாகவே கவலைப்பட வைக்கிறது. படம் எடுத்தபின் கீழே வரும் பெட்டியின் வலது ஓரத்தில், வட்டத்துக்குள் '1' என்று ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டுவிட்டு அனுப்பினால், வாங்குபவர் அந்தப் படத்தை ஒரே ஒரு முறைதான் திறந்து பார்க்க முடியும். மருத்துவரிடம் காட்டலாம் என்று வேலூர் வந்து போனை எடுத்தால் ரிப்போர்ட் இருக்காது. அனுப்பியவர் போனிலும் அந்தச் சாட்டில் திறக்க முடியாது. உங்களுக்கு வரும்போது படம் தெரியாமல் Photo என்ற சொல்லும் அந்த 1-உம் மட்டும் தெரிந்தால், திறப்பதற்கு முன்பே அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்த 1-ஐப் பற்றித் தாளில் எச்சரிக்கை எழுதலாமா என்று யோசித்துவிட்டு, எழுதவில்லை. 'இதைத் தொடாதே' என்று எழுதினால் கண் முதலில் அங்கேதான் போகும். பச்சை வட்டத்தின் இடத்தைத் தெளிவாகச் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

தாளின் பின்பக்கத்தில் நாலே வரி, தவறு நடந்தால் பார்க்க:

உங்கள் முகமே தெரிந்தால்: வலது கீழே, சுற்றி வளையும் இரண்டு அம்பு. அதைத் தொடுங்கள்.
கேமரா படத்தைக் காணோம் என்றால்: பெட்டியில் ஏதோ எழுத்து விழுந்திருக்கிறது. அதை அழித்தால் கேமரா திரும்ப வரும்.
படத்தின் மேல் Retry என்று வந்தால்: நெட் வந்ததும் அந்த Retry-யைத் தொடுங்கள்.
எதுவும் புரியாவிட்டால்: போனை அப்படியே கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

எழுதி முடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது, விரலை நீட்டக் கூடாது. இது கஷ்டம்தான். ஆனால் "இதுவா கண்ணு?" என்று அவர்கள் நிமிர்ந்து பார்க்கும் இடம் எதுவோ, அந்த வரியைத்தான் மாற்றி எழுத வேண்டும். பெரியம்மா 6-இல் நிமிர்ந்தார். நான் முதலில் 'பச்சை அம்பு' என்று எழுதியிருந்தேன். "அம்பு பச்சையா இல்லியே, சுத்தி இருக்கறதுதானே பச்சை" என்றார். 'பச்சை வட்டம், உள்ளே அம்பு' என்பது அவர் சொல்லித் திருத்தியது.

அவர்களுக்கு ஆங்கில எழுத்து வராது என்றால் வாட்ஸ்அப்பைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஆனால் அதன்பிறகு தாளில் உள்ள Message, Retry எல்லாவற்றையும் அந்தப் போனில் தமிழில் எப்படித் தெரிகிறதோ அப்படியே பார்த்து எழுத வேண்டும். நாமாக மொழிபெயர்த்து எழுதினால் திரையும் தாளும் ஒத்துப்போகாது.

தாளின் ஓரத்தில் தேதி போடுங்கள். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் மேலே இருந்த Chats, Calls வரிசை 2024-இல் கீழே இறங்கியது. அதற்கு முன்பு 'மேலே இருக்கும்' என்று எழுதப்பட்ட தாள்கள் எல்லாம் அன்றோடு செல்லாமல் போயின. அப்படி மாறும்போது பழைய தாளில் அடித்துத் திருத்தாதீர்கள், புதிதாக எழுதி ஒட்டிவிட்டுப் பழையதை எடுத்து வந்துவிடுங்கள். அப்பாவுக்கு ஐபோன், அம்மாவுக்கு ஆண்ட்ராய்டு என்று வீட்டில் இரண்டு இருந்தால் தாளும் இரண்டு வேண்டும். ஐபோனில் பேப்பர் கிளிப் கிடையாது, பெட்டியின் இடது பக்கம் + குறி இருக்கும். ஒவ்வொரு தாளின் தலையிலும் அது யார் போனுக்கானது என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.