பாத்துக்கிறவரு: 121ஆம் சங்கீதமும் பிள்ளைகளின் தமிழும்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகள் வருகிறார்கள். 121ஆம் சங்கீதத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். பொருள் கேட்டால் விழிப்பார்கள். அதனால் பேச்சுத்தமிழில் எழுதிக் கொடுத்தேன் (இத்துடன் இணைத்துள்ளேன்). சொல்லும்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சபை மூப்பர் ஒருவர், "லயத்து வாசலில் கதைபேசுகிற மாதிரி இருக்கிறது" என்றார். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய வடிவத்தை வாய்விட்டுப் படித்தேன். பிள்ளைகள் சிரித்த இடங்கள் இரண்டு என்று ஊகிக்கிறேன். முதலாவது, "உன் காலைத் தள்ளாட விடமாட்டாரு" என்பது. பழைய திருப்புதலில் "தள்ளாடவொட்டார்" என்றிருப்பதில் கடைசிப் பகுதியை மட்டும் எளிதாக்கி, தள்ளாட்டத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். சம்பள நாள் சாயங்காலத்தில் மட்டுமே தள்ளாட்டத்தைப் பார்த்திருக்கும் பிள்ளை சிரிக்காமல் என்ன செய்யும்? மழை நாளில் லயத்துக்கு இறங்கும் பாதையில் கால் என்ன செய்யும் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்; "சறுக்கும்" என்பார்கள். அந்தச் சொல்தான் வேண்டியது.

இரண்டாவது இடம் நீங்கள் இறுதியில் சேர்த்த மன்றாட்டு: "நீர் எங்களைப் பாத்துக்கிறீரு." இங்கே குற்றம் சொல்லில் இல்லை, கலப்பில் இருக்கிறது. "நீர்" என்பது இன்று இந்தப் பிள்ளைகளின் பேச்சில் எவருக்கும் வழங்காத சொல். பாட்டிலும் ஜெபத்திலும் ஆண்டவருக்கு மட்டுமே உரியதாக அதை அறிந்திருக்கிறார்கள். அதற்குப் பேச்சுவழக்கு வினையை ஒட்டவைத்தால் நாடகத்தில் வரும் கிழவரின் பேச்சாகிவிடுகிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரே நடை என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூப்பரைக் குத்தியதும் இந்தக் கலப்புத்தான் என்று நினைக்கிறேன்.

எழுத்துக்கூட்டலையும் கவனிக்க வேண்டும். "ஒன்னைய", "நெழலு" என்று வாயில் வருகிறபடியே எழுதியிருக்கிறீர்கள். தாளில் அது கேலிபோலத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளைக்கும் இடைஞ்சல். "உன்னை", "நிழல்" என்றே எழுதுங்கள், வாய் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். பேச்சின் வடிவம் வினைமுற்றில் தெரிந்தால் போதும். தமிழில் மரியாதை குடியிருப்பதும் அங்கேதான்: "நிக்கிறாரு", "விடமாட்டாரு" என்பவற்றில் உள்ள "ஆரு" தாத்தாவைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளின் வாயில் இயல்பாக வருவது. அது இருக்கும்வரை வாக்கியம் எவ்வளவு எளிதானாலும் அவமரியாதை ஆகாது.

இனி, இந்தச் சங்கீதத்தில் தொடக்கூடாத ஒன்று. எபிரெயத்தில் "ஷாமர்" என்ற ஒரே வினை, எட்டு வசனங்களுக்குள் ஆறு முறை வருகிறது. 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த தமிழ்த் திருப்புதல் அதை நுட்பமாகக் காப்பாற்றியிருக்கிறது: "காக்கிறவர்" மூன்று, "காப்பார்" மூன்று. நீங்களோ சுவைக்காக ஓரிடத்தில் "காப்பாத்துவாரு", ஓரிடத்தில் "துணையா இருப்பாரு", இன்னோரிடத்தில் "பாதுகாப்பு குடுப்பாரு" என்று மாற்றிவிட்டீர்கள். அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருவதுதான் இந்தச் சங்கீதத்தின் நெஞ்சுத்துடிப்பு. "காப்பாத்துறது" என்றால் விழுந்த பிறகு தூக்குவது. ஷாமர் அதைவிட நீண்டது, இடையறாமல் கவனித்திருப்பது. அம்மா கொழுந்து பறிக்கப் போனபின் பாட்டி செய்வதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் "பாத்துக்கிறது". ஆறு இடங்களிலும் அதையே வைக்கலாம்.

முதல் வசனத்தில் நானே ஒருமுறை இடறினேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்பதை "உதவி வருகிற மலையைப் பாக்கிறேன்" என்று எளிதாக்கிச் சொல்லிவிட்டு, மலையிலிருந்து என்ன வரும் என்று கேட்டேன். "அம்மா வருவாங்க" என்றது ஒரு பிள்ளை. "கங்காணி" என்றது இன்னொன்று. தோட்டத்தில் "மலைக்குப் போறது" என்றால் வேலைக்குப் போவது என்பதை, அங்கேயே வளர்ந்த நான் மறந்துபோனேன். மூலத்தில் அந்த வசனத்தின் பிற்பகுதியைக் கேள்வியாகவே பெரும்பாலோர் இப்போது வாசிக்கிறார்கள்: எனக்கு ஒத்தாசை எங்கிருந்து வரும்? விடை இரண்டாம் வசனத்தில்: மலையிலிருந்து அல்ல, மலையை உண்டாக்கினவரிடமிருந்து. கேள்வியாக்கியதும் குழப்பம் தீர்ந்தது. "பர்வதம்" போகட்டும், ஆனால் "ஒத்தாசை" இருக்கட்டும். உங்கள் வடிவத்தில் அதை "உதவி" ஆக்கியிருக்கிறீர்கள். பழைய திருப்புதலில் இருப்பதாலேயே ஒரு சொல் கடினமாகிவிடாது. "ஒரு ஒத்தாசை பண்ணும்மா" என்று உங்கள் லயத்துப் பாட்டிகள் இன்றும் சொல்வார்கள்.

என் வடிவம் இது:

மலையை நிமிந்து பாக்கிறேன்.
எனக்கு ஒத்தாசை எங்கேருந்து வரும்?
வானத்தையும் பூமியையும் உண்டாக்கின
கர்த்தர்கிட்ட இருந்து வரும்.

உன் கால் சறுக்க விடமாட்டாரு.
உன்னைப் பாத்துக்கிறவரு கண்ணசர மாட்டாரு.
இஸ்ரவேலைப் பாத்துக்கிறவரு
கண்ணசரவும் மாட்டாரு, தூங்கவும் மாட்டாரு.

கர்த்தர்தான் உன்னைப் பாத்துக்கிறவரு.
உன் வலது பக்கத்துல நிழலா நிக்கிறாரு.
பகல்ல வெயில் உன்னை ஒண்ணும் செய்யாது.
ராத்திரியில நிலா உன்னை ஒண்ணும் செய்யாது.

எந்தக் கெட்டதும் அண்டாம கர்த்தர் உன்னைப் பாத்துக்குவாரு.
உன் உயிரைப் பாத்துக்குவாரு.
நீ போறப்பவும் வர்றப்பவும் பாத்துக்குவாரு,
இன்னைக்கும் என்னைக்கும்.

மூன்றாம் வசனத்தில் "நான்" மறைந்து "உன்" வருவதைக் கவனியுங்கள். அங்கே வேறொரு குரல் பதில் சொல்லத் தொடங்குகிறது. இது எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் பாடியதாகக் கொள்ளப்படும் பதினைந்து ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. சிவனொளிபாதமலைக்குக் கூட்டமாக ஏறுகிறவர்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு, வழியில் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வது புதிதல்ல. முதல் நான்கு வரிகளை ஒரு பிள்ளையும் மீதியை மற்றவர்களும் சொல்லட்டும்.

நிலா எப்படித் தீங்கு செய்யும் என்று கேட்பார்கள். நிலவொளி பட்டால் நோய் வரும் என்ற அச்சம் அக்கால மக்களிடம் இருந்தது என்று சொன்னால் போதும். நம் ஊருக்கு ஏற்ப அதை உறைபனியாக மாற்றலாமே என்று எனக்கும் ஆசை வந்தது, விட்டுவிட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளை வேதாகமத்தைத் திறந்து தேடும்போது அங்கே பனி இருக்காது. "கர்த்தர்" என்ற பெயரையும் "இஸ்ரவேல்" என்பதையும் விட்டுவைத்ததும் இதற்காகத்தான்.

முடிவிலுள்ள மன்றாட்டை மட்டும் முழுக்கப் பழைய நடையிலேயே வையுங்கள்: "கர்த்தாவே, எங்களைக் காத்தருளும்." ஒரே வரிதான், பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று சொல்லட்டும். பேச்சுநடைக்குப் பிறகு அது தனியாக ஒலிக்கும், மூப்பருக்கும் பழகிய குரல் கேட்கும்.

கடைசி வசனத்துக்கு விளக்கமே தேவைப்படாது. வீட்டைவிட்டுக் கிளம்பும் தமிழர் எவரும் "போறேன்" என்று நிறுத்துவதில்லை. வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று "நீ போறப்பவும் வர்றப்பவும்" என்று தொடங்குங்கள். பிள்ளைகள் வரியை முடித்துவிட்டு, "போயிட்டு வர்றோம் டீச்சர்" என்று இறங்கட்டும்.