நோட்டீஸில் இருப்பது லாபம் அல்ல, விற்ற தொகை

கேள்வி: 2022-23இல் கிரிப்டோ வாங்கி விற்றேன், ரிட்டர்னில் காட்டவே இல்லை. இப்போது வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் இருக்கும் தொகை நான் போட்ட பணத்தைவிடப் பல மடங்கு. இரண்டு எக்ஸ்சேஞ்ச், ஒன்று இப்போது இல்லை. ஸ்டேட்மென்டை எப்படி அடுக்கிப் பதில் போடுவது? (தொண்டி)

தம்பி, நான் ராமநாதபுரத்தில் வரிக்கணக்கு எழுதுகிறவன். நண்டு, கணவாய் ஏஜென்ட் வீட்டுப் பிள்ளைகள் பலர் இதே காகிதத்தோடு வருகிறார்கள், அதனால் உங்கள் தொகை ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது பார்க்காமலே தெரிகிறது.

முதலில் அது எந்தப் பிரிவு என்று பாருங்கள். வெறும் நினைவூட்டல் மெயிலாக இருந்தால் புதுப்பித்த ரிட்டர்ன், அதாவது ITR-U, போட வழி இருக்கிறது. 2022-23க்கு 2027 மார்ச் 31 வரை போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 60% கூடுதலாகக் கட்ட வேண்டும், அதற்கு அடுத்த ஓராண்டில் என்றால் 70%. 148A என்றிருந்தால் "உங்கள் கணக்கை ஏன் மறுபடி திறக்கக் கூடாது" என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம். 148 வந்துவிட்டால் அந்த நோட்டீஸுக்கான ரிட்டர்னைப் போட வேண்டும். 148A, 148 நிலையில் ITR-U போடலாமா என்பதை ஆடிட்டரிடம் நேரில் காட்டிக் கேளுங்கள், இங்கே எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை.

இனி தொகை. 2022 ஜூலை 1 முதல் கிரிப்டோ விற்றால் 1% டிடிஎஸ், பிரிவு 194S. எக்ஸ்சேஞ்ச் அதைப் பிடித்துக் கட்டும்போது விற்ற தொகை உங்கள் பான் எண்ணில் ஏறிவிடுகிறது, வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் AIS பட்டியலில் தெரிவது அதுதான். அதே இரண்டு லட்சத்தை வைத்து ஆறு முறை வாங்கி விற்றால் அங்கே பன்னிரண்டு லட்சம் நிற்கும். ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்கியதும் விற்பனைதான். நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உங்கள் பதில்.

மண்டபத்துப் பையன் ஒருவனுடைய கணக்கைச் சொல்கிறேன், எண்களைக் கொஞ்சம் முழுதாக்கியிருக்கிறேன். AIS-இல் 11,40,000, டிடிஎஸ் 11,400. ஆனால் அவன் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும் 1,60,000க்கு விற்றிருந்தான். அப்போது டிடிஎஸ் இல்லாததால் அது AIS-இல் வரவில்லை, ஆனால் 30% வரி அந்த ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. ஆக மொத்த விற்பனை 13,00,000, வாங்கிய விலை 12,74,000. "இருபத்தாறாயிரம்தான் லாபம், அதற்குக் கட்டிவிடலாம்" என்றான். அப்படி முடியாது. பிரிவு 115BBH-இல் நஷ்டத்தை லாபத்தில் கழிக்க விடுவதில்லை. ரிட்டர்னில் கிரிப்டோவுக்கான பகுதி Schedule VDA, அதில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரிசை, நஷ்டமான வரிசையில் பூஜ்யம்தான் போட வேண்டும். லாபத்தில் முடிந்த வரிசைகளை மட்டும் கூட்டினால் 71,000, நஷ்டமான வரிசைகள் 45,000. வரி 71,000க்கு: 30% 21,300, அதன்மேல் 4% செஸ் 852, மொத்தம் 22,152. டிடிஎஸ் போக 10,752, அதோடு வட்டி. எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தையும் கழிக்க முடியாது, வாங்கிய விலை ஒன்றுதான் கழியும். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் பதிலே போடாமல் விட்டு 11,40,000 முழுவதும் வருமானம் என்று எடுத்துக்கொண்டால் வரியும் செஸ்ஸும் மட்டுமே 3,55,680.

ஸ்டேட்மென்டுக்கு வருவோம். எக்ஸ்சேஞ்சில் "டாக்ஸ் ரிப்போர்ட்" என்று அழகாக ஒரு பிடிஎஃப் தருவார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், வெளியிலிருந்து வந்த காயினுக்கு அதில் வாங்கிய விலை பூஜ்யமாக நிற்கலாம். வர்த்தகப் பட்டியல் தனியாக, காயின் உள்ளே வந்தது வெளியே போனது தனியாக, ரூபாய் போட்டது எடுத்தது தனியாக, மூன்றையும் CSV-யாக இறக்குங்கள். கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எடுங்கள், 2021இல் வாங்கியதைத்தான் 2022இல் விற்றிருப்பீர்கள். இறக்கியதும் நேரத்தைப் பாருங்கள். இப்படி ஒரு வரி இருக்கும்:

```
2023-03-31 19:12:05 UTC, SELL, USDT/INR
```

மார்ச் 31 மாதிரி தெரிகிறது, ஆனால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் ஏப்ரல் 1 நள்ளிரவு 12:42. அது அடுத்த நிதியாண்டு. இதைக் கவனிக்காமல் ஆண்டு மொத்தம் இடிக்கிறதென்று விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

பிறகு எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் தேதி வாரியாகப் போட்டு, ஒவ்வொரு காயினிலும் முதலில் வாங்கியது முதலில் விற்றது என்று பொருத்துங்கள். கடைசிவரை அதே முறையில் போங்கள். ஜூலைக்குப் பிந்தைய விற்பனையைத் தனியாகக் கூட்டினால் AIS தொகைக்கு மிக அருகில் வர வேண்டும். கட்டணமும் ஜிஎஸ்டியும் நீக்கிய தொகையில்தான் டிடிஎஸ் பிடிப்பதால் AIS கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அதைப் பதிலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உங்கள் கூட்டல் AIS-ஐவிட நிறையக் குறைந்தால் ஏதோ ஒரு எக்ஸ்சேஞ்சையோ காயினுக்குக் காயின் மாற்றியதையோ விட்டிருக்கிறீர்கள்.

இப்போது இல்லாத அந்த எக்ஸ்சேஞ்சுக்குப் பதிலாகப் பேங்க் ஸ்டேட்மென்ட்தான் சாட்சி. ரூபாய் போன தேதி, பழைய ஆர்டர் மெயில், அங்கிருந்து இங்கே காயின் வந்ததற்கான பரிவர்த்தனை எண்ணான TXID, மூன்றையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். மண்டபத்துப் பையன் அனுப்பியது 300 USDT, வந்து சேர்ந்தது 299, ஒன்று நெட்வொர்க் கட்டணம். உங்கள் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கே மாற்றியது விற்பனை இல்லை, ஆனால் இந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்த 299க்கும் வாங்கிய விலை பூஜ்யம் என்று நிற்கும்.

அவனுக்கு இன்னொரு சிக்கல், நண்டுக் கம்பெனி பணம் வரும் அதே பேங்க் கணக்கில்தான் கிரிப்டோ பணமும் வந்திருந்தது. வரவு எல்லாவற்றையும் கேட்பார்கள் என்று ஸ்டேட்மென்டின் ஓரத்திலேயே நண்டு, எக்ஸ்சேஞ்ச், வீட்டுப் பணம் என்று குறித்துக் கம்பெனி பில்லோடு கொடுத்தோம். யாரென்றே தெரியாதவர்களுக்கு விற்று யூபிஐயில் வாங்கிய பணம் இருந்தால் அந்த ஆர்டர் எண்களையும் குறியுங்கள்.

பதிலை போர்ட்டலில் Pending Actions, அதில் e-Proceedings வழியாக மட்டும் போடுங்கள். நோட்டீஸ் உண்மைதானா என்பதை அதிலுள்ள DIN எண்ணை வைத்து அதே தளத்தில் பார்க்கலாம். நாள் போதாது என்றால் அங்கேயே அவகாசம் கேட்கலாம், தேதி தாண்டிய பிறகு கேட்காதீர்கள். கடிதம் ஒரு பக்கம் போதும்: மொத்த விற்பனை, வாங்கிய விலை, லாப வரிசைகள், டிடிஎஸ், AIS-உடன் உள்ள வித்தியாசம். மீதியெல்லாம் இணைப்பு. AIS-இல் வராத ஏப்ரல்-ஜூன் விற்பனையையும் சேர்த்தே காட்டுங்கள். குறைத்துக் காட்டியதற்கு அபராதம் வரியில் 50%, மறைத்ததாகப் போனால் 200%. உங்கள் நிலைமையில் வருமானம் உண்மையாகவே விடுபட்டிருப்பதால் 148A-வுக்குப் பதில் போட்டாலும் 148 வரலாம், அப்போது இதே ஷீட்தான் Schedule VDA-வாக மாறும்.