பாத்ரூம், வாஷிங் மெஷின் தண்ணீரைச் சின்னத் தோட்டத்துக்கு விட எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? விடுவதற்கு முன் என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடச் சின்னத் தொட்டி போதும். நான் முதலில் 500 லிட்டர் தொட்டி வைத்தேன், பெரிதாக இருந்தால் நன்றாகத் தெளியும் என்று நம்பி. எங்கள் வீட்டில் நாலு பேர், ஒரு நாளைக்கு வரும் தண்ணீர் அதில் பாதிகூட இல்லை, அதனால் உள்ளே போன தண்ணீர் இரண்டு மூன்று நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அழுகிய முட்டை நாற்றம், பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்கும் அளவுக்கு. சோப்புத் தண்ணீரில் அழுக்கு, தோல் துகள், எண்ணெய்ப் பசை எல்லாம் கிருமிகளுக்குச் சாப்பாடு. ஆக்சிஜன் தீர்ந்ததும், சோப்புத் தூளில் இருக்கும் சல்பேட்டை அவை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். அதனால் இந்தத் தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தொட்டியின் அளவை முடிவு செய்வது இந்தக் கெடுதான்.

இப்போது நான் செய்வது இது. தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே தெளிய வைக்காமல் ஒவ்வொரு தடவையாகப் பிடித்து, தெளியவிட்டு, திறந்துவிடுவது. அப்படியானால் தொட்டி ஒரு வேளைத் தண்ணீரைப் பிடித்தால் போதும், கூட அடியில் கசடு தங்கக் கொஞ்சம் இடம். எங்களுக்குக் காலைக் குளியல்தான் பெரிய வேளை. ஒரு வாரம் பக்கெட் கணக்கு எழுதினேன், ஆளுக்கு சுமார் 30 லிட்டர், நாலு பேருக்கு 120.

வாங்கியது 200 லிட்டர் நீல டிரம், உணவுப் பொருள் வந்த டிரம்தான், கெமிக்கல் வந்ததை வாங்காதீர்கள். குறுக்களவு 58 செ.மீ., அதாவது ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் 26 லிட்டர் பிடிக்கும். அடியிலிருந்து 10 செ.மீ. மேலே தோட்டத்துக்குப் போகும் வால்வு, அதற்குக் கீழே உள்ள 26 லிட்டர் கசடுக்கு. 60 செ.மீ. உயரத்தில் வழிந்தோடும் குழாய், அது சாக்கடை இணைப்புக்குப் போகிறது. இடையில் இருக்கும் 50 செ.மீ.தான் உபயோகமான இடம், சுமார் 130 லிட்டர். குளியல் தண்ணீர் 120 சரியாக அடங்கிவிடும். எட்டரைக்குள் எல்லோரும் குளித்து முடிப்போம், பத்து மணிக்கு வால்வைத் திறப்பேன். துவைக்கும் நாளில் மெஷினை அதற்கு அப்புறம்தான் ஓட்டுவோம், டிரம் காலியாக இருக்கும்.

பத்து மணி என்பதை எப்படி முடிவு செய்தேன் என்றால், ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஆடாமல் வைத்து அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். குளியல் தண்ணீரில் முதல் அரை மணியில் மண்ணும் கனமான அழுக்கும் இறங்கிவிட்டது, ஒரு மணிக்கு அப்புறம் பெரிய மாற்றமில்லை. டிரம்மில் உயரம் அதிகம், துகள் இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதனால் ஒன்றரை மணி. கொஞ்சம் பால் நிறம் கடைசிவரை இருக்கும், அது சோப்பு, எவ்வளவு நேரம் வைத்தாலும் தெளியாது. முடியும் துணிப் பஞ்சும் சரியாக அடியில் தங்காது, அதற்கு வரும் குழாயின் வாயில் பழைய நைலான் சாக்ஸ் கட்டியிருக்கிறேன், வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். டிரம்முக்கு இறுக்கமான மூடியும், வழிந்தோடும் குழாயில் கொசுவலையும் கட்டாயம்.

எங்கள் பாத்ரூம் மாடியில் இருப்பதால் மோட்டார் தேவைப்படவில்லை. தரைத்தளமாக இருந்தால் டிரம்மைக் குழியில் இறக்கிச் சின்ன பம்ப் வைக்க வேண்டியிருக்கும். சமையலறைத் தண்ணீரைச் சேர்க்காதீர்கள், அந்த எண்ணெய்க்கு இந்த டிரம் தாங்காது.

இனி பரிசோதனை. டிரம் அழுக்கைத்தான் பிடிக்கும், கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது. இது எனக்குச் செம்பருத்தி இலையின் ஓரம் பழுப்பாகக் கருகிய பிறகுதான் புரிந்தது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா ஒன்றை ஆன்லைனில் வாங்கி, முதலில் குழாய்த் தண்ணீரையே அளந்தேன். நாங்கள் தாம்பரம் பக்கம், போர் தண்ணீர், 780 பிபிஎம். குளியல் தண்ணீர் 860. மெஷினின் முதல் துவைப்புத் தண்ணீர் 2300. பின்னால் வந்த இரண்டு அலசல் தண்ணீர் 1100, 850. குழாய்த் தண்ணீரை அளக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு உப்பு போரிலிருந்து, எவ்வளவு சோப்புத் தூளிலிருந்து என்று தெரிந்திருக்காது. பாசன நீருக்கான ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டியில் 450 வரை கவலையில்லை, 2000-க்கு மேல் போனால் கடுமையான சிக்கல், நடுவில் இருப்பதைச் செடியையும் மண்ணையும் பார்த்து விட வேண்டும்.

அன்றிலிருந்து முதல் துவைப்புத் தண்ணீர் சாக்கடைக்கு. T வடிவக் குழாயில் இரண்டு வால்வு போட்டு, ஒன்றைத் திறந்தால் மற்றதை மூடுவோம். அலசல் இரண்டும் சேர்ந்து 90 லிட்டர், அது டிரம்முக்கு. தூளை விட்டு லிக்விடுக்கும் மாறினோம், தூளில் சோடா உப்பும் நிரப்புப் பொருளும் அதிகம். டயபர் துணி, தலைக்கு டை, பிளீச்சிங் போட்டுக் கழுவிய நாட்களில் எல்லாமே சாக்கடைக்குத்தான்.

டிடிஎஸ் பேனா மொத்த உப்பைச் சொல்லும், அதில் சோடியம் எவ்வளவு என்று சொல்லாது. மண்ணை இறுகச் செய்வது சோடியம். அதற்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீர் பரிசோதனை கேளுங்கள். அலசல் தண்ணீர் விடும் நாளில், தோட்டத்து வால்விலிருந்து, அதே தண்ணீரால் மூன்று முறை கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து அன்றே கொடுத்துவிடுங்கள். அறிக்கையில் பிஎச் 8.5-க்குள் இருக்கிறதா, எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 1.25 மில்லிஈக்விவலன்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அது 2.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு ஆகாது.

வீட்டிலேயே மண்ணைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைத் தண்ணீர் நிறைந்த டம்ளரில் மெதுவாகப் போட்டு, கலக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி உடைந்து விழுந்தால் பரவாயில்லை, சுற்றிலும் பால்போலப் புகை படர்ந்தால் சோடியம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது நிறுத்தி, ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் அல்லது மழையால் கழுவ விட வேண்டும்.

குடிநீருக்கு விற்கும், கறுப்பாக மாறும் கிருமி கிட்டை இதற்கு வாங்காதீர்கள். குளித்த தண்ணீரில் கிருமி இருக்கும், அது எப்படியும் கறுக்கும். கிருமி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, தெளிக்காமல், வேரைச் சுற்றிச் சருகு மூடிய பாத்தியில் விடுங்கள். எங்களிடம் வாழை, செம்பருத்தி, கல்வாழை இதில் வளர்கின்றன. கீரை, முள்ளங்கி, கொத்தமல்லிக்கு நான் இதை விடுவதில்லை.

தோட்டம் எவ்வளவு குடிக்கும் என்பதையும் பாருங்கள். எங்களுடையது 300 சதுர அடி, 28 சதுர மீட்டர், கோடையில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 140. டிரம்மிலிருந்து வருவது துவைக்காத நாளில் 120, துவைக்கும் நாளில் 210, ஒன்றுவிட்டு ஒரு நாள் துவைப்பதால் சராசரி 165. கோடையிலேயே கொஞ்சம் மிஞ்சுகிறது, பாத்தி ஈரமாக இருந்தால் அன்றைக்கு வால்வைத் திறக்காமல் டிரம்மை அதன் அடியில் இருக்கும் குழாய் வழியே சாக்கடைக்குக் காலி செய்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் தோட்டத்துப் பக்கம் முழுவதும் மூடியே இருக்கும்.